துணி மாற்றும்போது எந்த விலையைக் கழிப்பது? ஒரு ரெடிமேட் கடையின் தீபாவளிக் கணக்கு

ஈரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தர ரெடிமேட் கடைக்கு நான் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். 2025 அக்டோபர் மாதக் கணக்கைச் சரிபார்த்தபோது, விற்பனைப் பட்டியலில் `EXCH DIFF` என்ற பெயரில் பல பதிவுகள் இருந்தன. துணியின் பெயர் இல்லை, சைஸ் இல்லை, பார்கோடு இல்லை. தொகை மட்டும் இருந்தது, எல்லாமே 5% வரியில். பொருளை மாற்றிக் கொடுத்தபோது வாடிக்கையாளரிடம் வாங்கிய கூடுதல் பணத்தை அப்படிப் பதிந்திருக்கிறார்கள்.

அவற்றில் ஒன்றை முழுவதுமாக எடுத்துப் பார்க்கிறேன். விலை மாறும் பரிமாற்றத்தில் நடக்கக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே பில்லில் இருக்கின்றன.

நடந்தது

அக்டோபர் 16 அன்று ஒரு பெண் மூன்று உருப்படி வாங்கியிருக்கிறார். குழந்தைக்கு ஃபிராக், டேக் விலை ₹1,470. கணவருக்குச் சட்டை, ₹1,680. தனக்கு ஒரு சுடிதார் செட், ₹2,100. எல்லாம் வரி உட்பட்ட விலை. மொத்தம் ₹5,250. தீபாவளி ஆஃபரில் ₹5,000-க்கு மேல் வாங்கினால் பில்லில் 10% தள்ளுபடி. ₹525 கழித்து, யுபிஐயில் ₹4,725 கட்டியிருக்கிறார்.

தீபாவளி 20ஆம் தேதி. ஆஃபரும் அன்றோடு முடிந்தது. 23ஆம் தேதி சுடிதார் செட்டோடு திரும்பி வந்தார். தோள்பட்டை இறுக்கம், அவருடைய சைஸில் அதே டிசைன் இல்லை. வேறு பார்த்து, ₹3,540 டேக் போட்ட ஒரு செட்டை எடுத்துக்கொண்டார்.

பில் போடும் தம்பி கணக்குப் பார்த்த விதம் இதுதான்: “அக்கா, இது மூவாயிரத்து ஐந்நூத்தி நாப்பதுங்க, பழசு ரெண்டாயிரத்து நூறுங்க. ஆயிரத்து நானூத்தி நாப்பது மட்டும் குடுங்க.” அவரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ₹1,440-க்கு `EXCH DIFF` என்று ஒரு பில்.

அன்று இரவு கல்லா எண்ணியபோது பைசா பிசகவில்லை. வாங்கியது ₹1,440, பில்லிலும் ₹1,440. இந்தத் தவறு நாள்முடிவில் பிடிபடாமல் போவதற்குக் காரணமே இதுதான். பணமும் பில்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். இரண்டும் சேர்ந்து தவறாக இருக்கும்.

பழைய பொருளின் விலை எது?

டேக்கில் ₹2,100 இருந்தாலும், அந்தப் பெண் அந்தச் செட்டுக்குக் கொடுத்தது ₹2,100 அல்ல. பில்லில் கிடைத்த ₹525 தள்ளுபடி மூன்று உருப்படிக்கும் சேர்ந்தது. அதை அதனதன் விலை விகிதப்படி பிரித்தால் ஃபிராக்குக்கு ₹147, சட்டைக்கு ₹168, சுடிதாருக்கு ₹210. ஆகவே அவர் உண்மையில் கொடுத்த விலை ஃபிராக்குக்கு ₹1,323, சட்டைக்கு ₹1,512, சுடிதாருக்கு ₹1,890. கூட்டினால் சரியாக ₹4,725.

திரும்பி வருவது ₹1,890 மதிப்புள்ள பொருள். புதிதாகப் போவது ₹3,540 மதிப்புள்ள பொருள். ஆஃபர் முடிந்துவிட்டதால் அதற்குத் தள்ளுபடி இல்லை. வாங்க வேண்டிய வித்தியாசம் ₹1,650. வாங்கியது ₹1,440. அந்த ₹210, அவர் கொடுக்காத பணத்தைக் கடை அவருக்கு வரவு வைத்தது.

இங்கே கடைக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: “பில் மொத்தத்துக்குத்தானே தள்ளுபடி கொடுத்தோம், தனித்தனி பொருளுக்கு இல்லையே?” உண்மைதான். ஆனால் அதில் ஒரு பொருள் மட்டும் திரும்பி வரும் நிமிஷமே, அந்தப் பொருளுக்கு மட்டும் எவ்வளவு வாங்கினோம் என்று சொல்லியாக வேண்டும். விகிதப்படி பிரிப்பதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பிரிப்பை மாற்ற வரும் நாளில் பேனா எடுத்துப் போடாமல், விற்கும்போதே ஒவ்வொரு வரியிலும் அச்சடித்துவிடுவது நல்லது. ‘நீங்கள் கொடுத்த விலை ₹1,890’ என்று பில்லிலேயே இருந்தால் கவுன்டரில் வாக்குவாதம் வராது.

தவறு எதிர்த் திசையிலும் நடக்கும், அது வாடிக்கையாளரைப் பாதிக்கும். தீபாவளி முடிந்து பழைய சுடிதாரின் விலையை ₹1,680 என்று குறைத்து வைத்திருந்தால், பார்கோடை ஸ்கேன் செய்தவுடன் திரையில் ₹1,680 தான் வரும். பில் போடுபவர் அதையே கழித்தால், அந்தப் பெண் ₹210 இழக்கிறார். டேக் விலையும் தப்பு, இன்றைய விலையும் தப்பு. திரும்பி வரும் பொருளுக்கு ஒரே விலைதான்: அன்றைய பில்லில் அவர் கொடுத்தது. வெளியே போகும் பொருளுக்கும் ஒரே விலைதான்: இன்று எவர் வந்து கேட்டாலும் கடை சொல்லும் விலை.

வரியில் நடந்த பெரிய பிசகு

₹210 கையிலிருந்து போனது, அதை ஒரு பாடமாக விட்டுவிடலாம். வரிக் கணக்கை அப்படி விட முடியாது.

2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் ஆடைக்கு வரி இப்படி: ஒரு உருப்படியின் விற்பனை மதிப்பு, வரி சேர்க்காமல், ₹2,500 வரை இருந்தால் 5%. அதற்கு மேல் போனால் 18%. பழைய சுடிதார் ₹1,890-இல் அடிப்படை மதிப்பு ₹1,800, வரி ₹90. புதிய செட் ₹3,540-இல் அடிப்படை ₹3,000, வரி ₹540. ஒன்று 5% படியில், இன்னொன்று 18% படியில்.

சரியாகச் செய்திருந்தால் ₹90 வரி திரும்பிக் கழிந்திருக்கும், ₹540 வரி புதிதாகச் சேர்ந்திருக்கும். அரசுக்குச் சேர வேண்டிய கூடுதல் வரி ₹450. கடை பதிந்ததோ ₹1,440-க்கு 5%, அதாவது ₹68.57. ஒரே ஒரு பரிமாற்றத்தில் ₹381 வரி குறைந்துபோயிருக்கிறது.

`EXCH DIFF` வரியை 18% என்று மாற்றிவிட்டால் போதாதா என்று முதலாளி கேட்டார். போதாது. சரியான வித்தியாசமான ₹1,650-ஐயே எடுத்து 18%-இல் போட்டாலும் வரி ₹251.69 தான் வரும். ₹450-க்கு அருகில்கூட வராது. வித்தியாசம் என்பது வெவ்வேறு வரி உள்ள இரண்டு தொகைகளைக் கழித்தால் மிஞ்சுவது. அந்த மிச்சத்துக்கென்று சொந்தமாக ஒரு வரி விகிதம் கிடையாது. எந்த விகிதத்தைப் போட்டாலும் பொருந்தாது.

அதனால்தான் பரிமாற்றத்தை எப்போதும் இரண்டு ஆவணங்களாகப் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். திரும்பி வந்த பொருளுக்கு ஒரு கிரெடிட் நோட்: தனி வரிசை எண், தேதி, பழைய பில்லின் எண்ணும் தேதியும், பொருள், ₹1,800 மதிப்பு, 5%, ₹90 வரி. புதிய பொருளுக்கு ஒரு சாதாரண விற்பனை பில்: ₹3,000 மதிப்பு, 18%, ₹540 வரி, மொத்தம் ₹3,540. அந்த பில்லின் பணம் வந்த வகையில் இரண்டு வரி: கிரெடிட் நோட் வழியாக ₹1,890, யுபிஐ அல்லது ரொக்கமாக ₹1,650. வித்தியாசம் பணம் செலுத்தும் இடத்தில் மட்டும் தோன்றும், விற்பனையாகத் தோன்றவே கூடாது.

பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில், பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளருக்கு உள்ளூரில் விற்றதெல்லாம் 7ஆம் அட்டவணையில் வரி விகித வாரியாகப் போகிறது. அங்கே கிரெடிட் நோட் கழித்த நிகரத் தொகையைத்தான் காட்ட வேண்டும். நம் கணக்கில் 5% வரியில் ₹1,800 குறையும், 18% வரியில் ₹3,000 கூடும். `EXCH DIFF` வழியில் போனால் இந்த இரண்டு வரிகளுமே பொய்யாகிவிடும்.

ஸ்டாக்கிலும் இதே கதைதான். பழைய சுடிதார் அலமாரிக்குத் திரும்பிவிட்டது, கணினியில் அது விற்றதாகவே நிற்கிறது. புதிய செட் வீட்டுக்குப் போய்விட்டது, கணினியில் அது கடையில் இருக்கிறது. அடுத்த வாரம் யாராவது அந்தப் பழைய சுடிதாரை எடுத்து வந்தால் ‘ஸ்டாக் இல்லை’ என்று திரை சொல்லும். பில் போடுபவர் மறுபடியும் ஏதாவது குறுக்கு வழி தேடுவார். ஸ்டாக் எண்ணும்போது ஒன்று கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும், எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போய் மதிப்பு ஒத்துப்போகாமல் இருந்தால், அது பெரும்பாலும் பதியாத பரிமாற்றம்தான்.

எப்படிச் சரிசெய்தோம்

முதலாளியின் முதல் யோசனை, அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து ₹210 கேட்பது. வேண்டாம் என்று சொன்னேன். கடை ஒரு தொகை சொன்னது, அவர் ஒப்புக்கொண்டு கொடுத்தார், வியாபாரம் முடிந்தது. கணக்கு அந்த உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த உண்மை என்ன? அவர் புதிய செட்டுக்காகக் கொடுத்தது ₹1,890 மதிப்புள்ள பொருளும் ₹1,440 பணமும். மொத்தம் ₹3,330. ஆகவே ₹3,540 டேக் போட்ட பொருள் ₹210 தள்ளுபடியில் ₹3,330-க்கு விற்றது என்று கொள்கிறோம். அதில் அடிப்படை மதிப்பு ₹2,822.03, வரி ₹507.97. ₹2,500-க்கு மேல் இருப்பதால் 18% மாறவில்லை. அக்டோபர் மாத ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் தாக்கல் ஆகாததால், `EXCH DIFF` பில்லை ஒரு கிரெடிட் நோட்டால் நீக்கிவிட்டு, சுடிதாருக்கு ஒரு கிரெடிட் நோட், புதிய செட்டுக்கு ஒரு பில் என்று பதிந்தோம். அதே போல மற்ற பதிவுகளையும் பழைய பில்லைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி இல்லை.

குறைந்த விலைக்கு மாற்றினால்

அதே பெண் ₹3,540 செட்டுக்குப் பதிலாக ₹1,365 டேக் போட்ட ஒரு குர்த்தியை எடுத்திருந்தால்? அவருக்கு வரவு ₹1,890, புதியது ₹1,365. கடை திருப்பித் தர வேண்டியது ₹525. டேக்குக்கு டேக் கழித்திருந்தால் ₹735 போயிருக்கும்.

இங்கேதான் ஆஃபரின் நிபந்தனை குறுக்கே வரும். ₹5,000-க்கு மேல் வாங்கியதால்தான் 10% கிடைத்தது. இப்போது ஃபிராக், சட்டை, குர்த்தி சேர்ந்து டேக் விலையில் ₹4,515. நிபந்தனை உடைந்துவிட்டது, ஆகவே ஃபிராக்குக்கும் சட்டைக்கும் கொடுத்த ₹315 தள்ளுபடியை ₹525-இலிருந்து பிடித்துக்கொண்டு ₹210 மட்டும் தரலாமா?

சில கடைகள் பிடிக்கின்றன. ஆஃபர் போர்டிலும் பில்லிலும் இதை முன்கூட்டியே எழுதியிருந்தால் அது விற்பனையின் நிபந்தனை, சரி. எழுதாமல் கவுன்டரில் வைத்து முதல் முறையாகச் சொல்வது நியாயமில்லை. என் கருத்தைக் கேட்டால், சைஸ் சரியில்லாமல் மாற்ற வருபவரிடம் இதைப் பிடிக்கவே வேண்டாம். ஆஃபருக்காகவே வாங்கிவிட்டு மறுநாள் ஒரு பொருளைத் திருப்பும் ஆட்களைத் தடுக்க வேண்டுமானால், ‘ஆஃபர் பில்லில் சமவிலை அல்லது கூடுதல் விலைக்கு மட்டுமே மாற்றம்’ என்று பில்லில் அச்சடிப்பது எளிது. இந்தக் கடை அதைத்தான் செய்தது.

ஆஃபர் இன்னும் நடந்துகொண்டிருந்தால் கணக்கு வேறு. ₹3,540 செட்டுக்கும் 10% உண்டு, ஏனென்றால் பழைய இரண்டோடு இதைச் சேர்த்தால் ₹5,000 தாண்டுகிறது. விலை ₹3,186 ஆகும், வாங்க வேண்டியது ₹1,296. பில் போடும் திரை இந்தப் பில்லை மட்டும் பார்த்து ‘₹5,000 இல்லை, தள்ளுபடி இல்லை’ என்று முடிவு செய்யும். ஆஃபர் நாள்களில் மாற்ற வருபவர்களுக்கு இதை மேலாளர் ஒருவர் பார்த்து அனுமதிக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

பழுதான துணி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சைஸுக்காக மாற்றித் தருவது கடையின் சலுகை. தையல் பிரிந்ததையோ சாயம் போவதையோ திரும்ப வாங்க மறுப்பதும் பணம் தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பத் தர வேண்டும். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று அடியில் அச்சடிப்பதால் அது மாறாது. அப்படி வருபவரிடம் ஆஃபர் நிபந்தனை உடைந்தது என்று தள்ளுபடியைப் பிடிப்பது கூடாது. உடைத்தது அவர் அல்ல.

வரி மாறிய பிறகு வந்த பழைய பொருள்

அதே பட்டியலில் இன்னொரு பதிவு வேறு விதமானது. ஆகஸ்டில் விற்ற ஒரு குர்த்தி, விலை ₹1,792. அப்போது ₹1,000-க்கு மேற்பட்ட ஆடைக்கு 12%, ஆகவே மதிப்பு ₹1,600, வரி ₹192. அக்டோபர் தொடக்கத்தில் சைஸ் மாற்ற வந்திருக்கிறார்கள். இடையில் வரி 5% ஆகிவிட்டது, அதே குர்த்தியின் விலை ₹1,680.

அதே டிசைன், வேறு சைஸ், சமமாற்றம்தானே என்று பில் போடாமல் கொடுத்து அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் விவரம் தெரிந்தவர், “விலை குறைஞ்சிருக்கே, மிச்சத்தைக் குடுங்க” என்று கேட்டிருக்கிறார். கேட்டது சரி. அவர் கொடுத்தது ₹1,792, இன்றைய விலை ₹1,680, திரும்பச் சேர வேண்டியது ₹112. கடையும் கொடுத்தது. பதிந்த விதத்தில்தான் தவறு.

மென்பொருளில் அந்தப் பொருளின் வரியை 5% என்று மாற்றி வைத்திருந்ததால், ரிட்டர்ன் போட்டபோது ₹1,792-ஐயும் 5% என்றே பிரித்து ₹85.33 வரியைக் கழித்தது. அரசுக்குக் கட்டியது ₹192. மீதி ₹106.67-ஐக் கடை இழந்திருக்கிறது. கிரெடிட் நோட் பழைய விற்பனையைத் திருத்துவது, ஆகவே பழைய விற்பனையின் விகிதம்தான் அதற்கும். 12% போட்டு ₹192 கழித்து, புதிய பில்லில் 5%-இல் ₹80 சேர்த்தால், வரி நிகரத்தில் ₹112 குறைகிறது. வாடிக்கையாளருக்குக் கொடுத்த ₹112 அதுவேதான். கடையின் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை.

உங்கள் மென்பொருள் இதில் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிப்பது சுலபம். செப்டம்பர் 22-க்கு முந்தைய ஒரு பில்லை எடுத்து, பில் எண் கொடுத்து ரிட்டர்ன் போட்டுப் பாருங்கள், சேமிக்க வேண்டாம். திரையில் பழைய விலையும் பழைய விகிதமும் வந்தால் நல்ல மென்பொருள். பார்கோடு ஸ்கேன் செய்தால் மட்டுமே ரிட்டர்ன் எடுக்கும், விலையை இன்றைய பட்டியலிலிருந்து கொண்டுவரும் என்றால், விற்றவரிடம் பேசி பில் எண் வழியாக ரிட்டர்ன் எடுக்கும் வசதியைத் திறக்கச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் வருபவர்கள் உண்டு. ஃபோன் நம்பர் வைத்து பழைய பில்லைத் தேடலாம். அதுவும் கிடைக்காவிட்டால், அந்தப் பொருள் அண்மையில் விற்ற விலைகளில் மிகக் குறைந்ததை வரவு வைப்பதாகக் கடை முன்பே முடிவு செய்து எழுதி வைக்கலாம். பழைய பில்லின் எண் இல்லாமல் கிரெடிட் நோட் போட முடியாது, ஆகவே அங்கே வரியைக் கழிக்காமல் விட்டுவிடச் சொல்கிறேன்.

பணம் போகும் வழி

திருப்பித் தரும் தொகை, வந்த வழியிலேயே போக வேண்டும். யுபிஐயில் வந்தது என்றால் வணிகர் செயலியில் அந்தப் பழைய பரிவர்த்தனையைத் திறந்து, ₹525 என்று பகுதித் தொகையைத் திருப்பலாம். கார்டில் வந்ததை ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், பின்னாளில் அந்த கார்டு பரிவர்த்தனையின் மேல் வங்கியில் புகார் வந்தால் கடையிடம் காட்ட ஆதாரம் இருக்காது. வாடிக்கையாளர் ரொக்கம்தான் வேண்டும் என்றால், கிரெடிட் நோட்டின் கடைப்பிரதியில் தொகையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பரிலிருந்து அந்தக் கடையின் பில் திரையில் `EXCH DIFF` என்ற உருப்படி இல்லை, நீக்கியாகிவிட்டது. பில் எண் கேட்காமல் ரிட்டர்ன் திறக்காது. மாத முடிவில் முதலாளியே கிரெடிட் நோட்டுகளில் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றின் விலையையும் வரி விகிதத்தையும் பழைய பில்லின் அதே வரியோடு வைத்துப் பார்க்கிறார்.